லேபிள் மாறினாலும் பாட்டிலின் பளபளப்பு மாறக்கூடாது

"அண்ணே, எங்க ஆச்சி பக்குவத்தில் நன்னாரி சர்பத் போட்டு விற்கிறோம். போன வருஷம் வீட்டு வளவில் வைத்து எடுத்த படம் நன்றாக அமைந்துவிட்டது. இப்போது இஞ்சி நன்னாரி வருகிறது. பாட்டில் அதேதான், சர்பத் நிறமும் கிட்டத்தட்ட அதேதான், லேபிள் மட்டும் புதுசு. பழைய படத்திலேயே ஃபோட்டோஷாப்பில் லேபிளை மாற்றிப் பார்த்தேன். ஸ்கிரீன் மேல் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கிறது. Opacity குறைத்தால் பழைய பேர் அடியில் தெரிகிறது. பாட்டில் மேல் விழுந்த வெளிச்சம் போகாமல் பேரை மாற்ற வழி உண்டா? அடுத்து எலுமிச்சை சர்பத்தும் போடப் போகிறோம், அதையும் இதே படத்தில் செய்துவிடலாமா?"

வழி உண்டு தம்பி. எலுமிச்சை விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் இஞ்சியை முடிப்போம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாட்டிலின் இடது பக்கம் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. அது உங்கள் வளவின் மேலே திறந்திருக்கும் வானம். வலது ஓரத்தில் மங்கலான பழுப்புக் கோடு ஒன்று இருக்கிறது, அது தேக்குத் தூண். இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, அந்த வெள்ளைக் கோடு கண்ணாடியோடு நின்றுவிடாமல் லேபிள் மேலும் தொடர்கிறது. லேபிளில் கொஞ்சம் அகலமாகவும் மங்கலாகவும் இருக்கிறது, ஆனால் இருக்கிறது. அப்படியானால் உங்கள் லேபிள் பளபளப்பு லேமினேஷன் போட்டது. மேட் காகிதமாக இருந்திருந்தால் கோடு லேபிளின் விளிம்பில் சட்டென்று அறுந்து, உள்ளே வெறும் இளநிழல் மட்டும்தான் இருக்கும். வேலையைத் தொடங்கும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான். மேட் லேபிள் மேல் பளபளப்புக் கோட்டை வரைந்து வைக்கிறவர்கள் நிறையப் பேர். பார்ப்பவருக்கு ஏதோ தப்பு என்று தோன்றும், என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது.

உங்களுக்கு வந்த சிக்கல், இரண்டு விதமான வெளிச்சத்தை ஒன்றாக நினைத்ததால் வந்தது. லேபிளின் வளைவால் நடுவில் வெளிச்சமாகவும் ஓரத்தில் இருட்டாகவும் வருவது ஒன்று. அது மையின் மேல் விழுந்து, மையின் நிறத்தை வாங்கிக்கொண்டு நம் கண்ணுக்கு வருகிறது. கணக்கில் சொன்னால் பெருக்கல். மையின் நிறம் எதுவோ அதை அந்த இடத்து வெளிச்சத்தால் பெருக்க வேண்டும். லேமினேஷன் மேல் பட்டுத் தெறிக்கும் வானத்தின் வெள்ளைக் கோடு இன்னொன்று. அது மையைத் தொடுவதே இல்லை, மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. அடியில் பச்சை மை இருந்தாலும் கருப்பு மை இருந்தாலும் அதே வெள்ளை வெளிச்சம் அதே அளவுதான் மேலே சேரும். இது கூட்டல். பழைய லேபிளை Opacity குறைத்துக் கலக்கும்போது பெருக்கலும் நடப்பதில்லை, கூட்டலும் நடப்பதில்லை. பழைய எழுத்தும் சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான்.

ஆகவே பழைய லேபிளிலிருந்து நிழலைத் தனியாகவும் பளபளப்பைத் தனியாகவும் உரித்து எடுத்து, நடுவில் புது லேபிளைச் செருக வேண்டும்.

உரிப்பதற்கு முன் ஒரு செட்டிங். Edit > Color Settings போய் More Options அழுத்தினால் Advanced Controls வரும். அதில் Blend RGB Colors Using Gamma என்பதை டிக் செய்து 1.00 என்று வையுங்கள். படத்தை Image > Mode > 16 Bits/Channel ஆக்குங்கள். ஏன் இது என்றால், படத்தில் 0 முதல் 255 வரை பார்க்கும் எண்கள் உண்மையான ஒளியின் அளவு இல்லை. கண்ணுக்கு ஏற்றபடி வளைத்து எழுதிய எண்கள். பெருக்கலுக்கு இந்த வளைவு அவ்வளவாகத் தொந்தரவு தராது, கூட்டலுக்குத் தரும். உங்கள் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரீம் நிறக் காகிதம் கோட்டுக்கு வெளியே சுமார் 230, கோட்டுக்குள் 250. வித்தியாசம் வெறும் 20 தானே என்று, புது லேபிளின் கரும்பச்சைப் பட்டையில் 60 இருக்கும் இடத்தில் 80 ஆக்கினால் கோடு இருப்பதே தெரியாது. உண்மை ஒளிக்கு மாற்றிக் கூட்டி, திரும்ப இந்த எண்ணுக்குக் கொண்டுவந்தால் அந்த 60, சுமார் 123 ஆகிறது. கிரீமில் லேசாகத் தெரிந்த கோடு, கரும்பச்சையில் பளிச்சென்று அடிக்க வேண்டும். அதே வெளிச்சம்தான், இருட்டின் மேல் விழும்போது கூடுதலாகத் தெரிகிறது.

என் கணக்கை நம்ப வேண்டாம், உங்கள் படத்திலேயே சாட்சி இருக்கிறது. பழைய லேபிளில் கருப்பு எழுத்துகள் அந்த வெள்ளைக் கோட்டைக் கடந்து போகின்றன. Info பேனலைத் திறந்து, கோட்டுக்கு வெளியே உள்ள கருப்பின் மேல் கர்சரை வைத்துப் பாருங்கள், கோட்டுக்குள் உள்ள கருப்பின் மேலும் வைத்துப் பாருங்கள். வெளியே 30 பக்கம் இருந்தால் உள்ளே 110க்கு மேல் இருக்கும். கோட்டுக்குள் கருப்பு எழுத்து சாம்பலாகிவிட்டிருக்கும். பளபளப்பின் சரியான அளவைச் சொல்வது இந்தச் சாம்பல்தான், கிரீம் காகிதம் இல்லை. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள், பிறகு வேண்டும்.

இனி உரித்தல். பாட்டில் நேராக நின்றால் அதன் மேல் விழும் வெளிச்சம் இடமிருந்து வலமாகத்தான் மாறும், மேலிருந்து கீழாக அதிகம் மாறாது. இந்த ஒரு குணம் வேலையைப் பாதியாக்கிவிடும். பழைய லேபிளில் எழுத்தே இல்லாத கிடைமட்டக் கீற்று ஒன்றைத் தேடுங்கள். உங்கள் லேபிளில் கடைப் பெயருக்கும் சுவைப் பெயருக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. லேபிளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஆறேழு பிக்சல் உயரத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்து, புது லேயராக நகலெடுத்து, Free Transform மூலம் மேலும் கீழும் இழுத்து லேபிள் முழுவதையும் மூடுங்கள். எழுத்து எல்லாம் மறைந்து, நிழலும் கோடும் மட்டும் இருக்கும் வெற்று லேபிள் கிடைக்கும். காகிதத்தின் நரநரப்பும் சேர்ந்து இழுபட்டு நெடுங்கோடுகளாகத் தெரிந்தால், இழுப்பதற்கு முன் கீற்றைக் கிடைமட்டமாக லேசாக Motion Blur செய்துகொள்ளுங்கள், பத்துப் பிக்சல் போதும். இந்த லேயருக்கு "வெற்று" என்று பெயர் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வானத்தின் கோடு மேலே ஓட்டுச் சார்ப்பின் விளிம்பில் முடியும். உங்கள் படத்தில் அது லேபிளுக்கு மேலே, பாட்டிலின் தோளிலேயே முடிந்துவிடுகிறது, பிரச்சினை இல்லை. லேபிளுக்குள்ளேயே முடிந்தால் மேலே ஒரு கீற்று, கீழே ஒரு கீற்று என்று இரண்டு எடுத்து மாஸ்க் போட்டு இணைக்க வேண்டும்.

"வெற்று" லேயரை நகலெடுத்து "நிழல்" என்று பெயரிடுங்கள். இதில் வெள்ளைக் கோட்டை அழிக்க வேண்டும். கோட்டுக்கு இடது பக்கத்து நிறத்தையும் வலது பக்கத்து நிறத்தையும் எடுத்து, நடுவில் ஒரு கிரேடியன்ட் போட்டு நிரப்பினால் போதும். இப்போது "நிழல்" லேயரில் வளைவின் வெளிச்சம் மட்டும் இருக்கிறது. "வெற்று" லேயரில் அதோடு பளபளப்பும் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பளபளப்பு தனியாக வந்துவிடும். "நிழல்" லேயரை "வெற்று" லேயருக்கு மேலே வைத்து அதன் கலப்பு முறையை Subtract ஆக்குங்கள். லேபிள் கருப்பாகி, கோடு மட்டும் வெள்ளையாக நிற்கும். Ctrl+Alt+Shift+E அழுத்தினால் தெரிவது அப்படியே புது லேயராக வரும். லேபிளுக்கு வெளியே இருப்பதை மாஸ்க் போட்டு மறைத்துவிட்டு, அதற்கு "பளபளப்பு" என்று பெயர்.

அடுக்கு வரிசை இப்படி வர வேண்டும். அடியில் அசல் படம். அதன் மேல் "நிழல்", சாதாரண Normal முறையில். அதன் மேல் புது லேபிள், Multiply. எல்லாவற்றுக்கும் மேலே "பளபளப்பு", Linear Dodge (Add).

புது லேபிளை வைப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். புது லேபிள் இல்லாமல் "நிழல்", "பளபளப்பு" இரண்டையும் மட்டும் ஏற்றிப் பார்த்தால் பழைய "வெற்று" லேயர் எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப வர வேண்டும். கழித்ததைத்தானே கூட்டுகிறோம். எண்கள் ஒன்றிரண்டு மாறலாம். பத்து பதினைந்து மாறினால் அந்த Gamma செட்டிங் டிக் ஆகவில்லை, அல்லது கழித்த பிறகு செட்டிங்கை மாற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இங்கே சரியாக வராதது பிறகு எங்கேயும் சரியாகாது, அதனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஜிம்ப் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். 2.10 பதிப்பிலிருந்து லேயர் மேல் வலது கிளிக் செய்தால் Blend Space என்று வரும், அதில் லினியரைத் தேர்ந்தெடுக்கலாம்.

புது லேபிளைப் பற்றி. அச்சகத்திலிருந்து வந்த பி.டி.எஃப். கோப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். பேரை நீங்களே ஃபோட்டோஷாப்பில் தட்டச்சு செய்ய வேண்டாம். World-Ready Layout சரியாக இல்லாத ஃபோட்டோஷாப்பில் "எலுமிச்சை" என்று அடித்தால் ஐகாரக் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதைக் கவனிக்காமல் அச்சுக்கே போன பிளெக்ஸ் போர்டுகளைக் காரைக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் பார்த்திருக்கிறேன். அச்சகக் கோப்பில் எழுத்துகள் கோட்டுருவமாக மாற்றப்பட்டிருக்கும், உடையாது. தவிர, லேபிளில் இருக்கும் உரிம எண், நிகர அளவு, சைவப் பச்சைப் புள்ளி எல்லாம் அச்சில் எப்படி வரப்போகிறதோ அப்படியே படத்திலும் வந்துவிடும். வாங்குபவர் கையில் வரும் பாட்டிலும் படத்தில் இருக்கும் பாட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், இதில் சுருக்குவழி கிடையாது.

கோப்பை ஆர்.ஜி.பி.க்கு மாற்றி, Smart Object ஆக உள்ளே கொண்டுவாருங்கள். இங்கே எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. உங்கள் அச்சகக் கோப்பின் பின்னணியே கிரீம் நிறம். "நிழல்" லேயரிலும் ஏற்கெனவே கிரீம் இருக்கிறது, பழைய காகிதத்தின் கிரீம். Multiply செய்தால் கிரீம் இரண்டு தடவை பெருக்கப்பட்டு, லேபிள் டீ சிந்தின தாள் மாதிரி பழுப்பாகிவிடும். அதனால் Smart Object உள்ளே போய், பின்னணியைச் சுத்த வெள்ளையாக்குங்கள். பச்சைப் பட்டையும் எழுத்துகளும் மட்டும் நிறத்தோடு இருக்கட்டும். பட்டைக்குள் இருக்கும் வெள்ளை எழுத்து அச்சில் நிஜமாகவே வெள்ளையா, அல்லது கிரீமே தெரிகிறதா என்று அச்சகத்தில் கேளுங்கள். கிரீம் நிறமும் அச்சடித்த மைதான், தாள் வெள்ளை என்றால் அந்த எழுத்து மட்டும் வெள்ளையாக வர வேண்டும். அப்போது அந்த எழுத்துகளை மட்டும் தனியாக எடுத்து, நிறம் நீக்கின "நிழல்" மேல் வைக்க வேண்டியிருக்கும்.

இப்போது வளைப்பது. நீங்கள் அனுப்பின முயற்சியில் ஸ்டிக்கர் மாதிரி தெரிந்ததற்கு வெளிச்சம் பாதிக் காரணம் என்றால் இது மீதிப் பாதி. Warp-இல் Arc போட்டு மேலும் கீழும் வளைத்திருக்கிறீர்கள். ஆனால் அகலவாக்கில் எழுத்துகள் நெருங்கவே இல்லை. உருண்டை மேல் ஒட்டின காகிதம் ஓரத்துக்குப் போகப் போக நம்மை விட்டுத் திரும்புகிறது. எழுத்தும் ஒடுங்க வேண்டும். எவ்வளவு ஒடுங்கும் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும்:

```
x = R × sin(s / R)
```

இதில் s என்பது தட்டையான காகிதத்தில் நடுக்கோட்டிலிருந்து உள்ள தூரம், R பாட்டிலின் ஆரம், x படத்தில் நடுக்கோட்டிலிருந்து தெரியும் தூரம். கால்குலேட்டரை ரேடியனில் வைத்துப் போட வேண்டும். உங்கள் பாட்டில் 70 மில்லிமீட்டர் விட்டம், ஆரம் 35. காகிதத்தில் 10 மில்லிமீட்டர் தள்ளி இருப்பது படத்தில் 9.9 மில்லிமீட்டரில் தெரியும், ஏறக்குறைய அப்படியே. 20 என்பது 18.9. 30 என்பது 26.5. 40 என்பது 31.8. 50 என்பது 34.6. அதாவது நடுவில் ஒரு சென்டிமீட்டர் காகிதம் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டராகவே தெரிகிறது, 40க்கும் 50க்கும் நடுவில் உள்ள அதே ஒரு சென்டிமீட்டர் மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. "இஞ்சி நன்னாரி" என்ற பெயர் பட்டையில் 60 மில்லிமீட்டர் அகலம் என்றால், முதல் இகரமும் கடைசி "ரி"யும் நடு எழுத்துகளைவிட மூன்றில் ஒரு பங்கு ஒடுங்கியிருக்க வேண்டும். கேமரா ஒரு மீட்டராவது தள்ளி இருந்தால் இந்தக் கணக்கு போதும்.

இதை நான் செய்வது இப்படி. Smart Object உள்ளே லேபிளுக்கு மேலே ஒரு தனி லேயரில், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 10 மில்லிமீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு என்று செங்குத்தாக வரைந்துகொள்வேன். வெளியே படத்தில், பாட்டிலின் நடுவிலிருந்து கணக்குப்படி கைடு கோடுகளை இழுத்து வைப்பேன். உங்கள் படத்தில் பாட்டில் அகலம் 1400 பிக்சல், ஆகவே ஒரு மில்லிமீட்டருக்கு 20 பிக்சல். கைடுகள் நடுவிலிருந்து 197, 379, 529, 637, 693 பிக்சலில் வரும். பிறகு Edit > Transform > Warp, கட்டங்களை 5 x 5 ஆக்கி, சிவப்புக் கோடுகள் கைடுகளின் மேல் உட்காரும்வரை இழுத்தால் வேலை முடிந்தது. கடைசியில் உள்ளே போய்ச் சிவப்புக் கோட்டு லேயரை அணைத்துவிடலாம். கண்ணளவில் செய்வதைவிடப் பத்து நிமிஷம் கூடுதல், ஆனால் இரண்டாவது சுவை வரும்போது உள்ளே இருக்கும் லேபிளை மட்டும் மாற்றினால் போதும், வளைவு அப்படியே இருக்கும்.

மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரே அளவு வளையாது என்பதையும் பாருங்கள். உங்கள் கேமரா பாட்டிலின் கழுத்து உயரத்தில் இருந்திருக்கிறது. கேமரா உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லேபிளின் மேல் விளிம்பு ஏறக்குறைய நேராகவும், அதைவிடக் கீழே இருக்கும் அடி விளிம்பு நன்றாகத் தொங்கியும் இருக்கிறது. பழைய லேபிளின் இரண்டு விளிம்புகளையும் Pen கருவியால் தடம் எடுத்து வைத்துக்கொண்டு அதற்குப் பொருத்துங்கள். நடுவில் இருக்கும் பச்சைப் பட்டை இரண்டுக்கும் இடைப்பட்ட தொங்கலில் வரும். Arc போட்டால் இரண்டுக்கும் ஒரே வளைவு வந்துவிடுகிறது, ஸ்டிக்கர் உணர்வு அங்கிருந்துதான் வருகிறது.

இதுவரை சரியாக வந்திருந்தால் இப்போது பட்டையின் மேல் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிய வேண்டும். முன்பு தாளில் குறித்த எண்களை எடுங்கள். புது லேபிளில் எங்காவது கருப்பு எழுத்து கோட்டைக் கடந்தால், அதன் மேல் Info காட்டும் எண் பழைய கருப்பின் 110 சொச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா? இருந்தால் பளபளப்பின் அளவு சரி. குறைவாக இருந்தால், அசல் படத்தில் கிரீம் மேல் கோடு 255ஐத் தொட்டு வெந்துபோயிருக்கிறது. 255க்கு மேல் எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்பது கேமராவுக்கே தெரியாது, அதனால் கழித்துக் கிடைத்ததும் குறைவாகத்தான் இருக்கும். "பளபளப்பு" லேயரில் மட்டும் Levels போட்டு, கருப்பு எழுத்தின் எண் பொருந்தும்வரை ஏற்றுங்கள். ரா கோப்பு இருந்தால் எக்ஸ்போஷரைக் குறைத்துத் திறந்து முதலிலிருந்து செய்வது இன்னும் நல்லது.

கோடு எழுத்தை மறைக்கிறதே என்று பலர் அதை வலதுபக்கம் தள்ளுவார்கள், அல்லது லேபிள் பகுதியில் மட்டும் மங்கலாக்குவார்கள். தள்ளக்கூடாது. கண்ணாடியில் மேலே ஓடும் கோடும் லேபிளில் ஓடும் கோடும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், விலகினால் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். மங்கலாக்குவது இருபது சதவீதம் வரை பரவாயில்லை.

அச்சகக் கோப்பு கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும், படம் அப்படி இருக்காது. பழைய எழுத்து ஒன்றை 400 சதவீதம் பெரிதாக்கி, கருப்பிலிருந்து கிரீமுக்கு மாற எத்தனை பிக்சல் ஆகிறது என்று பாருங்கள். உங்கள் படத்தில் மூன்று. புது எழுத்துக்கும் மூன்று வரும்வரை Gaussian Blur போடுங்கள், 0.7 பக்கம் வரும். அதற்கு மேல் படத்தின் குருணைக்கு ஏற்ப ஒரு சிட்டிகை Add Noise. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அடுத்ததைச் சொல்லியே ஆக வேண்டும், நானே சூடு பட்டது. பாட்டில் ஆத்தங்குடிக் கல் பாவின தரையில் நிற்கிறது. அந்தக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் கலவை ஊற்றித்தான் வார்க்கிறார்கள், அந்த வழவழப்பு அப்படி வருவது. தேய்த்துப் பழகின தரை என்றால் முகம் பார்க்கலாம். உங்கள் பாட்டிலின் நிழலுருவம் தலைகீழாகத் தரையில் விழுந்திருக்கிறது, அதில் பழைய லேபிளும் இருக்கிறது. சில வருஷத்துக்கு முன் ஒரு ஊறுகாய்க்காரருக்கு இதே மாதிரி லேபிள் மாற்றிக் கொடுத்தேன். மேலே பூண்டு, தரையில் தலைகீழாக மாங்காய். அச்சடித்து வந்த பிறகு அவருடைய மகள்தான் பார்த்துச் சொன்னாள். பணம் பிடித்துக்கொள்ளவில்லை, ஆனால் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் தரையைக் குனிந்து பார்ப்பார்.

புது லேபிள் அடுக்கை நகலெடுத்துச் செங்குத்தாகத் திருப்பித் தரைப் பிம்பத்தின் மேல் வையுங்கள். திருப்பியதோடு விடக்கூடாது. தரைக்குள் தெரியும் பாட்டில் நம் கண்ணுக்கு இன்னும் கீழே இருக்கும் பாட்டில் மாதிரி, அதனால் விளிம்புகளின் தொங்கல் மேலே உள்ளதைவிடக் கூடுதலாக இருக்கும். திருப்பின நகல் எதிர்ப்பக்கம் வளைந்து நிற்கும். பழைய பிம்பத்தின் விளிம்பைப் பார்த்து Warp-இல் சரிசெய்யுங்கள். பாட்டிலின் அடியை விட்டு விலக விலக மங்கல் கூட வேண்டும். எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டியதில்லை, பச்சைப் பட்டை பச்சையாக இருந்தால் போதும். கல்லின் பூ வேலைப்பாடு அதன் ஊடே தெரிய வேண்டும், அதை மறைத்துவிடாதீர்கள்.

முடிந்ததும் Flatten Image செய்து எஸ்.ஆர்.ஜி.பி. ஆக மாற்றிச் சேமித்த பிரதியைத்தான் மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும். அந்த Gamma 1.00 உங்கள் கணினியின் செட்டிங், கோப்பின் உள்ளே போகாது. அடுக்குகளோடு அனுப்பினால் அச்சகத்தார் கணினியில் கோடு வேறு மாதிரி தெரியும், நீங்கள் இருவரும் போனில் ஒரு மணி நேரம் சண்டை போடுவீர்கள். வேலை முடிந்ததும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நாளைக்கு வேறு படத்தில் நிழல் எல்லாம் ஏன் இப்படி இருக்கிறது என்று குழம்புவீர்கள்.

இனி எலுமிச்சை. அதை இந்தப் படத்தில் செய்ய முடியாது, முயல வேண்டாம். நன்னாரி சர்பத் அடர்பழுப்பு, வெளிச்சம் அதற்குள் நுழைந்து வெளியே வரவே இல்லை. எலுமிச்சை சர்பத் வெளிறிய மஞ்சள். அதன் ஊடே பாட்டிலின் பின்பக்கக் கண்ணாடி தெரியும், பின்னால் இருக்கும் சுவரும் தூணும் வளைந்து தெரியும், லேபிளுக்கு மேலே ஒரு மஞ்சள் ஒளித்திட்டு விழும். இவை எதுவும் பழைய படத்தில் இல்லை. நிறத்தை மாற்றினால் மஞ்சள் பெயின்ட் ஊற்றின பாட்டில்தான் கிடைக்கும். இஞ்சி நன்னாரிக்கு அந்தத் தொல்லை இல்லை, லேபிளுக்கு மேலே தெரியும் சர்பத்தில் கைவைக்கவே வேண்டாம்.

எலுமிச்சைக்குப் புதுப் படம் எடுக்கத்தான் போகிறீர்கள் என்பதால், அன்றைக்கே ஒரு வேலை செய்துவிடுங்கள். அச்சகத்தில் அதே தாளில், அதே லேமினேஷனில் இரண்டு வெற்று லேபிள் கேளுங்கள், ஒன்று முழு வெள்ளை, ஒன்று முழுக் கருப்பு. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி எல்லா செட்டிங்கையும் மேனுவலில் பூட்டிவிட்டு, நிஜ லேபிளோடு ஒன்று, வெள்ளை லேபிளோடு ஒன்று, கருப்பு லேபிளோடு ஒன்று என மூன்று படம் எடுங்கள். கருப்பு லேபிள் படத்தில் இருப்பது கிட்டத்தட்ட பளபளப்பு மட்டும்தான். வெள்ளையிலிருந்து கருப்பைக் கழித்தால் நிழல் சுத்தமாகக் கிடைக்கும். கீற்று எடுத்து இழுப்பது, கிரேடியன்ட் போடுவது, எழுத்தின் சாம்பலை அளப்பது எதுவும் வேண்டாம். மூன்று பாட்டிலையும் ஒரே இடத்தில் வைக்கத் தரையில் சாக்பீஸால் அடிவட்டம் வரைந்துகொள்ளுங்கள். வளவில் வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் வெயில் நேராக முற்றத்தில் இறங்காத நேரமாகப் பார்த்து, மேகம் ஓடாத நாளில், மூன்றையும் ஐந்து நிமிஷத்துக்குள் எடுத்துவிடுங்கள். பாட்டில் மாற்றுகிறவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், போன வருஷப் படத்தில் தூணுக்குப் பக்கத்தில் ஒருவர் தெரிகிறார்.